0.35 பெரியதா, 0.4 பெரியதா? ஆசிரியர் பயிற்சிக்கு எழுதும் ஆயிரம் சொற்கள்

இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக விரும்பும் பட்டதாரிகள் பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சி ஒன்றில் சேர்கிறார்கள். அதன் முடிவில் கியூ.டி.எஸ். என்ற ஆசிரியத் தகுதி கிடைக்கும். பல இடங்களில் பி.ஜி.சி.இ. சான்றிதழும் சேர்ந்தே வரும். விண்ணப்பம் அரசின் கல்வித் துறை நடத்தும் இணையச் சேவை வழியாகப் போகிறது. பட்டம், மதிப்பெண், பார்த்த வேலைகள் எல்லாம் நிரப்பியபின் ஒரு பெரிய வெற்றுப் பெட்டி வரும். ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள், அதற்கு நீங்கள் எப்படிப் பொருத்தம் என்று ஆயிரம் சொற்களுக்குள் அதில் எழுத வேண்டும். அதைத்தான் எல்லோரும் ‘பர்சனல் ஸ்டேட்மென்ட்’ என்கிறார்கள்.

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் இந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்து விழிக்கும் தமிழர்கள் நிறையப் பேர். சிலர் ஏற்கெனவே பள்ளியில் டீச்சிங் அசிஸ்டன்டாக இருப்பவர்கள். சிலர் சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளியில் கற்பிப்பவர்கள். ஊரில் ஆசிரியராக இருந்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அனுபவத்துக்குக் குறைவில்லை. ஆனால் முதல் வரைவைப் பாருங்கள்: சிறுவயதிலிருந்தே ஆசிரியராகும் கனவு, தெய்வத்துக்கு முன்னால் குருவை வைத்த பண்பாடு, பிஞ்சு மனங்களில் விளக்கேற்றும் ஆசை. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் பத்து வருடம் வகுப்பறையில் இருந்தவரும் இதை எழுதலாம், பள்ளி வாசலை மிதித்தே பத்து வருடமானவரும் எழுதலாம். அதுதான் சிக்கல்.

இதைப் படிப்பவர் யார் என்று யோசித்தால் வழி புலப்படும். பெரும்பாலும் அவர் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பவர். பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவர். செப்டம்பரில் பயிற்சி தொடங்கிச் சில வாரங்களிலேயே இந்த விண்ணப்பதாரரை முப்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்த வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். விண்ணப்பதாரரிடம் ஆர்வம் இருக்கிறதா என்று அவர் தேடுவதில்லை. விண்ணப்பித்த எல்லோரிடமும் அது இருக்கிறது. ஒரு பிள்ளை தவறாகச் செய்யும்போது, அதன் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கத் தெரிகிறதா? தான் செய்த உதவி வேலை செய்யவில்லை என்றால் அதைக் கண்டுபிடிக்கத் தெரிகிறதா? அவர் தேடுவது இந்த இரண்டையும்தான்.

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். கற்பனை விண்ணப்பதாரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். கணிதப் பட்டதாரி, மேல்நிலைப் பள்ளி ஒன்றில் டீச்சிங் அசிஸ்டன்ட். ஏழாம் ஆண்டு, அதாவது பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கணித வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து உதவுகிறார். அவருடைய முதல் வரைவில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது. நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்.

“தசம எண்களில் திணறிய ஒரு மாணவனுக்குப் பொறுமையுடன் உதவினேன். பலவித உத்திகளைக் கையாண்டு அவனுடைய தன்னம்பிக்கையை வளர்த்தேன். வகுப்பு முடிவில் எல்லாக் கணக்குகளையும் சரியாகச் செய்தான். அந்த அனுபவம் பெரும் மனநிறைவைத் தந்தது. ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது என்பதை உணர்ந்தேன்.”

ஐந்து வாக்கியங்கள். பையன் என்ன எழுதினான் என்பது ஒன்றிலும் இல்லை. என்ன உத்தி என்பதும் இல்லை. ‘சரியாகச் செய்தான்’ என்பதை அவர் எப்படித் தெரிந்துகொண்டார், மறுநாளும் அவனுக்கு அது நினைவிருந்ததா என்பதும் இல்லை. கடைசி வாக்கியம் எந்த வகுப்பைப் பற்றியும் சொல்லக்கூடியது. ஆனால் இவர் உண்மையில் நல்ல உதவியாளர். நடந்ததைக் கேட்டு வாங்கினால் விஷயம் வேறாக இருக்கிறது.

ஆசிரியர் கொடுத்த கணக்கு இது: 0.35, 0.4, 0.125 ஆகிய மூன்றையும் ஏறுவரிசையில் எழுத வேண்டும். பையன் 0.4, 0.35, 0.125 என்று எழுதினான். சரியான விடை இதற்கு நேர் தலைகீழ். கவனியுங்கள், இந்தத் தவறுக்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ‘ஏறுவரிசை’ என்பதை ‘இறங்குவரிசை’ என்று படித்திருந்தால் அவனுக்குத் தசமம் நன்றாகவே தெரியும். கேள்வியைத்தான் சரியாகப் படிக்கவில்லை. அப்படியில்லையென்றால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகவே படித்து நான்கு, முப்பத்தைந்து, நூற்றிருபத்தைந்து என்று அடுக்கியிருக்க வேண்டும். தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி கேட்பதுதான். இவர் கேட்டார்: “எப்படி அடுக்கினாய், எனக்குச் சொல்லு.” பையன் சொன்னான்: “நூற்றிருபத்தைந்துதானே மிஸ் பெரிசு?”

உடனே இவர் ஊரில் தான் படித்த வழியைச் சொல்லிக்கொடுத்தார். பின்னால் சைபர் போட்டு எல்லா எண்களையும் ஒரே நீளமாக்கு: 0.400, 0.350, 0.125. இப்போது அடுக்கு. பையன் டக்கென்று சரியாக அடுக்கினான். அடுத்த ஐந்து கணக்குகளும் சரி. முதல் வரைவு இந்த இடத்தில்தான் நின்றுபோனது. ‘மனநிறைவு’ வந்ததும் இங்கேதான்.

ஆனால் அடுத்த வகுப்பில் இன்னொன்று நடந்தது. 0.3க்கும் 0.4க்கும் நடுவே ஒரு எண்ணை எழுதச் சொல்லி எல்லோரிடமும் சின்ன வெள்ளைப் பலகைகளைக் கொடுத்தார் ஆசிரியர். அதே பையன் தன் பலகையில் ‘இல்லை’ என்று எழுதி உயர்த்தினான். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அவனுக்கு எதுவும் தெரியவில்லை. சைபர் உத்தி அவனுடைய பழைய எண்ணத்தைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் இவருக்குப் புரிந்தது. 400, 350, 125 என்று ஆனபோது அவன் மீண்டும் முழு எண்களைத்தான் ஒப்பிட்டான். விடை மட்டும் சரியாக வந்துவிட்டது. நீளத்தைச் சமமாக்கியதன் மூலம், அவன் தவறாக யோசிக்கிறான் என்பது வெளியே தெரியாதபடி இவரே மறைத்துவிட்டார்.

மூன்றாவது முறை இவர் கட்டம் போட்ட தாளில் பத்துக்குப் பத்துச் சதுரம் ஒன்று வரைந்து, முழுச் சதுரம்தான் 1 என்றார். 0.4க்கு நான்கு முழு வரிசைகளைப் பையன் நிழலிட்டான். 0.35க்கு மூன்று வரிசைகளும் ஐந்து சின்னக் கட்டங்களும் வந்தன. 0.3க்கும் 0.4க்கும் நடுவே என்ன இருக்கிறது என்று மறுபடி கேட்டபோது அந்த ஐந்து கட்டங்களைக் காட்டினான். 0.125க்கு வந்ததும் அரைக் கட்டம் தேவைப்பட்டது. அங்கே மறுபடி சிக்கிக்கொண்டான். ஆயிரத்தில் ஒன்றைக் காட்ட நூறு கட்டத் தாள் போதாது. வகுப்பாசிரியரிடம் சொன்னபோது, எண்கோட்டின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிக் காட்டும் வழியை அவர் சொன்னார்.

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேஸி, விக்கி ஸ்டைன்லி ஆகிய இருவரும் பிள்ளைகள் தசம எண்களை ஒப்பிடும் விதத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ‘நீளமானது பெரியது’ என்று நினைக்கும் பிள்ளைகளைப் போலவே ‘குட்டையானது பெரியது’ என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்பதைப் பிடித்துக்கொண்டு, புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் மட்டும் உள்ள எதுவும் பெரியது என்று முடிவுகட்டிவிடுபவர்கள் இந்த இரண்டாம் வகையில் உண்டு. அந்தப் பிள்ளையிடம் 0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் சரியான பதில் வரும், தவறான காரணத்துக்காக. 0.3, 0.496 என்று கொடுத்தால்தான் பிடிபடும். நீளத்தை நம்பும் பிள்ளையோ இந்த இரண்டாவது கேள்வியில் தப்பித்துவிடும். ஆக ஒரே வகைக் கேள்வியை மட்டும் பத்துத் தடவை கேட்டால் வகுப்பில் பாதிப் பேரின் குழப்பம் ஆசிரியர் கண்ணில் படாமலே போகும். விண்ணப்பதாரர் இந்த ஆய்வைத் தன் அறிக்கையில் எழுத வேண்டியதில்லை. ஆனால் நேர்முகத்தில் இதைப் பற்றிப் பேசத் தெரிந்தால், அவர் எடுக்க விரும்பும் பாடத்தைக் கற்பிப்பவரின் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

இப்போது அதே பத்தி, இரண்டாம் வரைவில்:

“மூன்று தசம எண்களை ஏறுவரிசையில் எழுதச் சொன்னபோது ஒரு மாணவர் 0.4, 0.35, 0.125 என்று எழுதினார். கேள்வியை மாற்றிப் படித்துவிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். எப்படி அடுக்கினீர்கள் என்று கேட்டபோது 125தான் பெரியது என்றார். சைபர் சேர்த்து நீளத்தைச் சமமாக்கச் சொன்னேன், விடைகள் சரியாகின. ஆனால் அடுத்த வகுப்பில் 0.3க்கும் 0.4க்கும் நடுவே எண்ணே இல்லை என்று அவர் எழுதியதைப் பார்த்தேன். நான் கொடுத்த உத்தி விடையைத் திருத்தியிருந்தது, இடமதிப்பைப் பற்றிய அவரது எண்ணத்தைத் திருத்தவில்லை. அதன்பின் நூறு கட்டச் சதுரத்தைப் பயன்படுத்தினோம். நூறில் ஒன்று வரை அது உதவியது. ஆயிரத்தில் ஒன்றுக்கு உதவவில்லை. இப்போது ஒரு குறுக்குவழியைச் சொல்வதற்கு முன், அதை வைத்துத் தப்பிக்க முடியாத ஒரு கேள்வியை யோசித்து வைத்துக்கொள்கிறேன்.”

ஆங்கிலத்தில் இது 150 சொற்களைத் தாண்டாது. ஆர்வம், பொறுமை, அர்ப்பணிப்பு என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்றும் தெரிகின்றன. என் கணிப்பில் இந்தப் பத்தியின் மிக முக்கியமான வாக்கியம் நடுவில் இருக்கும் ‘ஆனால் அடுத்த வகுப்பில்’ என்று தொடங்குவதுதான். தன் வெற்றிக்கு எதிரான சாட்சியத்தைத் தானே தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். பயிற்சி ஆண்டு முழுவதும் வழிகாட்டி ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து செய்யச் சொல்லப்போவது இதைத்தான்.

‘ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்’ என்று பயிற்சி நிலையங்களின் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கும் பொருள் இதுவே. அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய நூலிலிருந்து பரவலான கருத்து அது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசித்து வழியை மாற்றுவது ஒன்று. முடிந்தபின் திரும்பிப் பார்த்து ஆராய்வது இன்னொன்று என்று அவர் பிரித்தார். மேலே உள்ள பத்தியில் “எப்படி அடுக்கினீர்கள்” என்ற கேள்வி முதல் வகை, சைபர் உத்தி ஏன் பலிக்கவில்லை என்ற யோசனை இரண்டாவது. (அந்த நூல் பெரிதும் பேசுவது கட்டடக் கலைஞர், மனநல மருத்துவர், பொறியாளர் போன்றோரைப் பற்றி; பள்ளிகள் அதைத் தமதாக்கிக்கொண்டன.) கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த ஆறு படிச் சுற்றும் பிரபலம்: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த திட்டம். தனியாக உட்கார்ந்து குறிப்பெழுத அது உதவும். அறிக்கையில் அந்த ஆறையும் வரிசையாக நிரப்பினால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிய வாக்குமூலம் மாதிரி ஆகிவிடுகிறது. ஷோன் பெயரையோ கிப்ஸ் பெயரையோ குறிப்பிடுவதால் மட்டும் மதிப்பு கூடுவதில்லை. சம்பவம் மெலிந்திருக்கும் இடத்தில் பெயர் வந்தால் மெலிவுதான் பளிச்சென்று தெரியும்.

சம்பவம் கிடைத்தபின்னும் அதைக் கெடுக்க வழிகள் உண்டு. அதிகம் பார்ப்பது கதாநாயகத்தனம்: வகுப்பாசிரியரால் முடியாததை நான் முடித்தேன் என்ற தொனி. தன்னையறியாமலேயே வந்துவிடும். ‘ஆசிரியர் விளக்கியது அவனுக்குப் புரியவில்லை, நான் விளக்கினேன், புரிந்தது’ என்று ஒரு வரி போதும். நாளை இவருக்கு வழிகாட்டியாக வரப்போகும் ஆசிரியர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? ஆசிரியருக்கு முப்பது பேர், உதவியாளருக்கு அந்த நேரத்தில் ஒருவர். இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டு எழுதுபவர், தான் தனியாக முப்பது பேர் முன் நிற்கும்போது இதே கவனத்தை எப்படிக் கொண்டுவருவது என்றும் ஒரு வரி யோசித்திருப்பார். ஒரே பார்வையில் எல்லோருடைய விடையையும் காட்டும் அந்தச் சின்ன வெள்ளைப் பலகைகள் இதற்கான ஒரு பதில்.

இன்னொன்று, பிள்ளையின் அடையாளம். பெயர் கூடாது, பள்ளியின் பெயரோடு சேர்த்து யாரென்று ஊகிக்க வைக்கும் விவரமும் கூடாது. ஒரு பிள்ளையின் குடும்பச் சிக்கல், நோய், ஆட்டிசம் போன்ற நிலை ஆகியவற்றை உருக்கத்துக்காகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பாதுகாப்பையும் தகவல் காப்பையும் பள்ளிகள் மிகக் கறாராகப் பார்க்கும் நாட்டில், அந்த ஒரு வரியே விண்ணப்பதாரரைப் பற்றிச் சந்தேகம் எழுப்பிவிடும். பையன் தசமத்தை எப்படிப் படித்தான் என்பதற்கு அவன் வீட்டுக் கதை தேவையே இல்லை.

இத்தகைய பத்தியை எழுதும் நேரத்தில் உருவாக்க முடியாது. பார்க்கும் நேரத்திலேயே குறித்து வைத்திருக்க வேண்டும். வகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிட இரண்டு மூன்று பிள்ளைகளைத் தேர்ந்துகொண்டு வகுப்பு முடியும்வரை அவர்களையே கவனிப்பது மேல். நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும்: ‘தேதியை மட்டும் எழுதியிருக்கிறாள். பக்கத்துப் பெண்ணின் தாளை இருமுறை பார்த்தாள்.’ வலப்பக்கம் உங்கள் ஊகம்: ‘கவனமில்லையா, அல்லது கேள்வியின் ஆங்கிலமே புரியவில்லையா?’ ‘கவனமில்லாமல் இருந்தாள்’ என்று நேரே இடப்பக்கத்தில் எழுதினால் இரண்டாவது வாய்ப்பு அப்போதே செத்துவிடும். வீட்டில் தமிழ் பேசிவிட்டு ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது ஊகம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தோன்றும். அது அவர்களுடைய பலம், எழுத வேண்டியது. பள்ளியின் அனுமதி பெற்றுத்தான் குறிப்பெடுக்க வேண்டும். பிள்ளைகளையோ அவர்கள் தாளையோ படம் எடுக்கக் கூடாது.

பள்ளிக்குள் போக வாய்ப்பில்லாதவர்கள் என்ன செய்வது? பள்ளி அனுபவம் கட்டாயமில்லை. ‘கெட் இன்டூ டீச்சிங்’ என்ற அரசுச் சேவை வழியாகப் பள்ளிகளில் சில நாள் பார்வையிடலாம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு பிள்ளை ‘பள்ளி’ என்ற சொல்லைப் ‘பல்லி’ என்று எழுதியபோது, அது காதில் விழும் குழப்பமா, எழுத்து மட்டும் மறந்துபோனதா என்று பிரித்துப் பார்த்தவருக்கும் எழுத விஷயம் இருக்கிறது. தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் போதும், தம்பியின் தவறை மேலே சொன்ன மாதிரி பார்த்திருந்தால்.

ஆயிரம் சொற்களில் இப்படி இரண்டு சம்பவங்களுக்கு மேல் இடம் கிடையாது. ஆறேழு அனுபவங்களை அடுக்குவதைவிட இரண்டை முழுதாகச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. மிச்ச இடத்தில் ஏன் இந்தப் பாடம், ஏன் இந்த வயதுப் பிள்ளைகள், பட்டப்படிப்பில் எது கைகொடுக்கும், வேறு வேலையிலிருந்து வருபவரானால் அங்கிருந்து எதைக் கொண்டுவருகிறார், பள்ளிக்கு வெளியே பிள்ளைகளோடு என்ன செய்திருக்கிறார் என்பவை சுருக்கமாக வரட்டும். ஒரே நேரத்தில் நான்கு படிப்புகள் வரை விண்ணப்பிக்கலாம் என்பதால், ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தைப் பெயர் சொல்லிப் புகழ்வது வீண். குறைக்க வேண்டி வந்தால் முதல் பத்தியிலிருந்து வெட்டுங்கள். சிறுவயதுக் கனவு அங்கேதான் படுத்திருக்கும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். உணர்ந்தேன், நம்புகிறேன், விரும்புகிறேன், ஊக்குவித்தேன் என்று வரிசையாக வந்தால் அறிக்கையில் நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள். எழுதினான், சொன்னாள், கேட்டேன், பார்த்தேன், மாற்றினேன் என்று வந்தால் அதில் ஒரு வகுப்பறை இருக்கிறது. வேறொருவரிடம் கொடுத்து, “அந்தப் பிள்ளை என்ன நினைத்தது?” என்று கேட்டுப் பார்க்கலாம். படித்தவரால் சொல்ல முடியவில்லை என்றால், எழுதியவர் இன்னும் சொல்லவில்லை.

அறிக்கை தேறினால் நேர்முகம். சில இடங்களில் பத்து நிமிடப் பாடம் ஒன்றை நடத்திக் காட்டவும் சொல்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் அறிக்கையிலிருந்தே கிளம்பும்: ‘அந்த மாணவர் மறுபடி வந்தால் எங்கே தொடங்குவீர்கள்?’ ‘முப்பது பேரில் ஐந்து பேருக்கு அதே குழப்பம் என்றால்?’ இரவல் வாங்கிய சம்பவத்தை எழுதியவர் இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுவார். நம் விண்ணப்பதாரருக்குப் பதில் சொல்ல வேலை இருக்கிறது: முதலில் சைபர் உத்தியை ஒதுக்கிவைப்பார், 0.3க்கும் 0.4க்கும் நடுவே ஒரு எண் கேட்பார், பலகைகளைப் பார்த்து யார் யாருக்கு எந்தக் குழப்பம் என்று பிரிப்பார், ‘இல்லை’ என்று எழுதியவர்களுக்குக் கட்டத்தாளும் மற்றவர்களுக்கு எண்கோடும் கொடுப்பார். கட்டத்தாள் எங்கே நின்றுவிடும் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுவார்.